மாமன் மகளின் மகள் யார்?

1871-ல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட ஒரு பெரிய நூலில், தமிழர்களின் உறவுப் பெயர்களும் நியூயார்க் மாநிலத்தின் செனெக்கா மக்களுடைய உறவுப் பெயர்களும் எதிரெதிரே அடுக்கப்பட்டிருக்கின்றன. நூலை எழுதிய லூயிஸ் ஹென்றி மார்கன், ராச்செஸ்டர் நகரத்து வழக்கறிஞர். இரோக்வா கூட்டமைப்பைச் சேர்ந்த செனெக்கா மக்களிடையே பழகி, அவர்களைப் பற்றி 1851-லேயே ஒரு நூல் எழுதியவர். செனெக்காக்கள் தந்தையின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதை முதலில் அந்த மக்களுக்கு மட்டும் உரிய ஒரு விசித்திரம் என்று அவர் எண்ணியிருந்தார். பிறகு வேறு மொழி பேசும் ஒஜிப்வா மக்களிடமும் அதே ஒழுங்கைக் கண்டதும், உறவுகளை வரிசையாகக் கேட்கும் நீண்ட வினாப்படிவம் ஒன்றைத் தயாரித்து உலகெங்கும் உள்ள மிஷனரிகளுக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் அனுப்பினார். இன்ன உறவினரை நீங்கள் என்ன முறை சொல்லி அழைப்பீர்கள் என்பதுதான் ஒவ்வொரு கேள்வியும். அப்படிக் கேள்விகள் இருநூறுக்கு மேல். தமிழுக்கான படிவத்தை நிரப்பி அனுப்பியவர் வேலூரில் இருந்த எசக்கியேல் ஸ்கடர். பிற்காலத்தில் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

அந்தப் படிவம் மார்கனை உலுக்கியது. செனெக்காவில் இருந்ததெல்லாம் தமிழிலும் இருந்தது. அப்பாவின் சகோதரன் அப்பா முறை; அம்மாவின் சகோதரி அம்மா முறை. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று வயதை வைத்து நாம் பிரித்தாலும் அப்பாவும் அம்மாவும் அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் சகோதரி அம்மா ஆவதில்லை, அத்தை ஆகிறாள். அம்மாவின் சகோதரன் மாமன் ஆகிறான். இதைத் தொடர்ந்து, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா சித்தி பிள்ளைகளும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள். அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் அப்படியல்ல. அவர்களுக்குத் தனிப் பெயர், தனி முறை. பெற்றோரும் அவர்களுடைய உடன்பிறந்தவரும் ஒரே பாலாக இருந்தால் பிள்ளைகள் பங்காளிகள். எதிர்ப்பாலாக இருந்தால் முறைகாரர்கள். மானிடவியலில் முதல் வகையை இணை உறவு என்றும் இரண்டாம் வகையைக் குறுக்கு உறவு என்றும் சொல்கிறார்கள். கடலால் பிரிந்த இரண்டு மக்களிடம், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில், இந்தப் பிரிவினை வரிக்கு வரி பொருந்தியதைப் பார்த்து, அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாக மார்கன் முடிவு கட்டினார்.

பூர்வகுடிகளின் முன்னோர் ஆசியாவிலிருந்து போனவர்கள்தாம். அதற்கு இன்று மரபணுச் சான்றும் அகழாய்வுச் சான்றும் உண்டு. ஆனால் மார்கன் காட்டிய சான்று அதை நிறுவாது. உறவுப் பெயர்களை ஒப்பிடும்போது சொற்கள் யார் யாரை ஒரே பெயரில் சேர்க்கின்றன என்பதோடு நின்றுவிட்டால் ஏமாறுவோம். அப்படிச் சேர்க்கும் கணக்கு எது என்று பார்க்க வேண்டும். இரண்டு கணக்குகள் பக்கத்து உறவில் ஒரே விடையைத் தந்து, தூரத்து உறவில் நேர் எதிரான விடைகளைத் தரக்கூடும். தமிழுக்கும் செனெக்காவுக்கும் இடையே இருப்பது அப்படிப்பட்ட ஒற்றுமைதான். இதில் வியப்பு என்னவென்றால், அதற்கான தடயம் மார்கனின் பட்டியலிலேயே இருந்தது, அவரும் அதைக் கவனித்தார், சிறு வேறுபாடு என்று கருதிக் கடந்து போனார்.

அந்தத் தடயம் மாமன் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பற்றியது. ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். அவனுடைய மாமன் மகளுக்கு ஒரு பெண் பிறக்கிறாள். அவள் அவனுக்கு என்ன முறை? தமிழில் யோசிக்கவே வேண்டியதில்லை. மாமன் மகள் அவனுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. அவள் வேறொருவனை மணந்திருந்தாலும் அவளுடைய பிள்ளை இவனுக்குப் பிள்ளை முறைதான். இவன் அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆவான். இனி, அவனுடைய மாமன் மகனுக்கு ஒரு பெண் பிறக்கிறாள். மாமன் மகன் இவனுக்கு மச்சான், அதாவது இவனுடைய தங்கையைக் கட்டும் முறை உள்ளவன். தங்கையின் மகள் மருமகள் ஆவதைப் போலவே மச்சானின் மகளும் மருமகள்; இவன் அவளுக்கு மாமன். செனெக்காவில் இரண்டு விடைகளும் தலைகீழாக இருக்கின்றன. அங்கே ஒருவனுடைய மாமன் மகனின் பிள்ளைகள் அவனுக்கு மகன் மகள். மாமன் மகளின் பிள்ளைகளே மருமக்கள். மார்கனின் படிவத்தில் தமிழ்ப் பெண்ணும் செனெக்காப் பெண்ணும் ஒரே கட்டத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒருத்தி மகள், மற்றவள் மருமகள். தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் திருமணப் பேச்சே தடம்புரண்டுவிடும். மகள் முறை உள்ளவளை நம் மகனுக்குக் கேட்க முடியாது. மருமகள் முறை உள்ளவளைக் கேட்கலாம்.

ஏன் இப்படித் தலைகீழாகிறது? செனெக்கா கணக்கு எளிமையானது. பாதையின் கடைசிக் கண்ணியை மட்டும் அது பார்க்கிறது. என் தலைமுறையில் ஓர் ஆண் எனக்கு எந்த வழியில் சொந்தமானாலும், நான் ஆண் என்றால் அவன் பிள்ளைகள் என் பிள்ளைகள். என் தலைமுறைப் பெண்ணின் பிள்ளைகள் என் மருமக்கள். அவன் எனக்கு அண்ணன் தம்பியா, மாமன் மகனா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ்க் கணக்கோ வழி நெடுகப் பார்க்கிறது. பாதையில் எங்கெல்லாம் எதிர்ப்பால் உடன்பிறப்பு வருகிறதோ அங்கெல்லாம் ஒரு திருப்பம் என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் திருப்பம் முறைகாரர்களிடம் கொண்டுபோய்விடும். இரண்டு திருப்பங்கள் மீண்டும் பங்காளிகளிடம் கொண்டுவரும். எதிர்க்குறி எண்ணை எதிர்க்குறி எண்ணால் பெருக்கினால் நேர்க்குறி கிடைப்பதைப் போன்றது இது.

இன்னும் ஒரு தலைமுறை மேலே போய் இதைச் சரிபார்க்கலாம். என் அம்மாவின் மாமனுக்கு ஒரு மகன். அவர் அம்மாவின் முறைகாரர், அம்மாவைக் கட்டியிருக்கக்கூடியவர். அதனால் எனக்கு அப்பா முறை. அவர் மகள் எனக்குத் தங்கை. அம்மாவின் மாமன் என்பது ஒரு திருப்பம். அம்மாவுக்கு அந்த மகன் எதிர்ப்பால் என்பது இன்னொரு திருப்பம். இரண்டும் சேர்ந்து என்னைப் பங்காளி வீட்டில் நிறுத்துகின்றன. அதே மாமனின் மகளோ எனக்கு அத்தை. அவள் மகள் எனக்கு முறைப்பெண். அதாவது ஒரே தாத்தாவின் மகன் வழிப் பேத்தி தங்கை, மகள் வழிப் பேத்தி மணமுறை. செனெக்காவில் இந்த இரண்டு விடைகளும் இடம் மாறிவிடும். அம்மாவின் தலைமுறை ஆண் எவனானாலும் அங்கே மாமன், பெண் எவளானாலும் அம்மா. இதனால்தான் முதல்நிலை உறவுகளை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு முறைகளும் ஒன்றாகவே தெரியும். அங்கே ஒரே ஒரு திருப்பத்துக்குத்தான் இடம் உண்டு. கடைசிக் கண்ணியைப் பார்ப்பவரும் எல்லாக் கண்ணிகளையும் பார்ப்பவரும் ஒரே விடைக்குத்தான் வருவார்கள். இரண்டாம்நிலை உறவில்தான் குட்டு வெளிப்படும். உலக மொழிகளின் உறவுமுறைகளை ஆறு வகைகளாகப் பிரித்த ஜார்ஜ் பீட்டர் மர்டாக்கின் 1949-ஆம் ஆண்டு நூல், முதல்நிலை உறவினருக்கான பெயர்களையே அளவுகோலாகக் கொண்டதால், தமிழையும் இரோக்வா வகைக்குள் போட்டுவிட்டது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதை மொழியியலாளர் ஃபிளாயிட் லவுன்ஸ்பரி 1964-ல் வெளியான ஒரு கட்டுரையில் தெளிவாக எடுத்துக்காட்டினார். மார்கன் பட்டியலை அச்சிட்டு அதற்குள் 93 ஆண்டுகள் கடந்திருந்தன.

செனெக்காக்கள் தாய்வழிக் குலத்தவர்கள் என்பதால் அவர்களுடைய பெயர்கள் குலத்தைப் பின்பற்றுகின்றன என்று ஒருவர் சொல்லலாம். சோதித்துப் பார்த்தால் அதுவும் நிற்கவில்லை. அப்பாவின் பெரியம்மா மகன் அப்பாவின் குலத்தவன். அப்பாவின் மாமன் மகன் தன் தாயின் குலத்தவன், ஆகவே அப்பாவின் குலத்தவன் அல்ல. இருவரையும் செனெக்கா பேசுபவர் அப்பா என்றே அழைக்கிறார். குலக் கணக்கு என்றால் இருவரும் பிரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தமிழ்க் கணக்கு எதைப் பின்பற்றுகிறது? இதுவரை வந்த விளக்கங்களில் திருமணம் வந்து வந்து குறுக்கிட்டதே அதற்கான விடை. நீலகிரித் தோடர்களை ஆராய்ந்து 1906-ல் நூல் எழுதிய ரிவர்ஸ், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமே இத்தகைய பெயர்களுக்குக் காரணம் என்று வாதிட்டார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி தூமோன் 1953-ல் இதை இன்னும் கூர்மையாக்கினார். தமிழ்ப் பெயர்கள் இரத்த உறவைப் பட்டியலிட்டு அதன்மேல் திருமண உறவை ஒட்டவைக்கவில்லை. திருமணத் தொடர்பே பரம்பரையாகக் கைமாறும் ஓர் உறவாக அவற்றுக்குள் இருக்கிறது என்பது அவர் கருத்து. இதற்கு நம் வீட்டுப் பேச்சே சாட்சி. அத்தையின் கணவர் மாமா. மாமாவின் மனைவி அத்தை, அல்லது மாமி. சித்தப்பாவின் மனைவி சித்தி. சித்தியின் கணவர் சித்தப்பா. யாழ்ப்பாணத்தில் மாமன் மகன் மச்சான், மாமன் மகள் மச்சாள். மனைவியின் சகோதரனும் மச்சான், சகோதரியும் மச்சாள். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை அண்ணன் தம்பி முறையாகிறார். எனவே சகலைகளின் பிள்ளைகள் உடன்பிறப்புகள். பிறப்பால் வந்தவரையும் கல்யாணத்தால் வந்தவரையும் இந்தப் பெயர்கள் பிரிப்பதே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தமிழர்கள் எல்லோரும் சொந்தத்திலா கட்டுகிறார்கள்? 2019-21-க்கான தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 திருமணங்களே சொந்தத்துக்குள் நடந்தவை. அந்த 28-க்குள் அக்காள் மகளைக் கட்டியவர்களும் அடக்கம். பெரும்பான்மையோர் செய்யாத ஒன்று எல்லோருடைய பேச்சையும் எப்படித் தீர்மானிக்க முடியும்? மாமன் மகளைக் கட்டுவதால்தான் இந்தப் பெயர்கள் வந்தன என்று நேரடியாகச் சொன்னால் இந்த மறுப்பு வென்றுவிடும். ஆனால் பெயர்கள் பதிவு செய்வது எத்தனை பேர் கட்டினார்கள் என்பதை அல்ல, யாரைக் கட்டலாம் என்ற முறையை. அந்நியத்தில் கட்டியவன் விஷயத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாலி கட்டிய நாளிலிருந்து முன்பின் தெரியாத பெண்ணின் தந்தை மாமா, அவள் அண்ணன் மச்சான், அவள் சித்தப்பா இவனுக்குச் சின்ன மாமனார். இவன் தங்கைக்கு அந்த வீட்டு இளைஞர்கள் முறைகாரர்கள் ஆகிவிடுகிறார்கள். இந்தத் தம்பதியின் மகனும் மனைவியின் அண்ணன் மகளும் பிறக்கும்போதே அத்தை மகனும் மாமன் மகளுமாகப் பிறக்கிறார்கள். சொந்தத்தில் கட்டாதவனும் கட்டியவனைப் போலவே பின்னோக்கிப் பெயர் மாற்றப்படுகிறான். முறைக்குள் திருமணம் நடக்க வேண்டியதில்லை. நடந்த திருமணம் முறைக்குள் கொண்டுவரப்படுகிறது. கணக்கு தொடர்ந்து சீராக இருக்க அதுவே போதும்.

கணக்கு உடைவது முறைதப்பிய திருமணத்தில்தான். அண்ணன் தங்கை முறை உள்ள தூரத்துச் சொந்தக்காரர்கள் இருவர் கட்டிக்கொண்டால், அதுவரை சித்தப்பாவாக இருந்தவர் மாமனார் ஆகிறார். அவர் மகன் ஒரு வழியில் தம்பி, மறுவழியில் மச்சான். இரண்டு பாதைகளில் கணக்குப் போட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. ஒரு குடும்பத்தின் முறை சீராக இருக்கிறதா என்று அறிய வழியும் இதுதான். ஒரே ஆளை அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் எண்ணிப் பாருங்கள்; விடை ஒத்துவந்தால் முறை குலையவில்லை. செனெக்காவில் மாமன் மகளைக் கட்டும் நெறி கிடையாது. இரண்டு பாதைகள் ஒத்துவர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாதபோது, கடைசிக் கண்ணியை மட்டும் பார்க்கும் கணக்கே போதுமாகிறது.

இரண்டாவது மறுப்பு மொழிப் பக்கத்திலிருந்து வருவது. மானிடவியலாளர் ஆல்ஃபிரெட் குரோபர் 1909-ல், உறவுப் பெயர்கள் மொழியின் ஒரு பகுதி, அவற்றிலிருந்து சமூக வழக்கங்களை ஊகிக்கக் கூடாது என்று எச்சரித்தார். மொழியே காரணம் என்றால் மொழிக்குடும்பத்தின் எல்லையில் இந்த முறை நின்றிருக்க வேண்டும். சிங்களம் வட இந்திய மொழிகளோடு சேர்ந்த இந்தோ-ஆரிய மொழி. ஆனால் அதன் உறவுமுறை இந்தியின் முறையைப் போன்றதல்ல. இந்தியில் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் இருந்தாலும், அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும் உடன்பிறப்புகள்தாம். சிங்களத்திலோ மாமன் மகனும் அத்தை மகனும் மஸ்ஸினா, மைத்துனனும் மஸ்ஸினா. கணக்கு அச்சு அசலாகத் தமிழ்க் கணக்கு. இதைத் தமிழின் அண்மையால் வந்தது என்று சொல்லிவிடலாம். தென் அமெரிக்காவின் சூரிநாம்–பிரேசில் எல்லைக் காடுகளில் வாழும் ட்ரியோ மக்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவர்களிடமும் அமேசான் பகுதியின் வேறு பல மக்களிடமும் திராவிட வகை என்றே மானிடவியலாளர் பெயரிட்ட முறை இருக்கிறது, குறுக்கு உறவில் மணக்கும் நெறியோடு சேர்ந்தே இருக்கிறது. தமிழனோடு அவர்களுக்கு எந்த வரலாற்றுத் தொடர்பும் கிடையாது. இந்த ஒற்றுமையை மார்கன் கண்டிருந்தால் இன்னொரு கடல் பயணத்தைக் கற்பனை செய்திருப்பார். உண்மையில் ஒரே தேவைக்கு ஒரே எளிய விதியைப் பலர் தனித்தனியே கண்டடைய முடியும். சார்ல்ஸ் கெம்ப், டெர்ரி ரீகியர் இருவரும் 2012-ல் நூற்றுக்கணக்கான மொழிகளின் உறவுப் பெயர்களைக் கணினியில் ஒப்பிட்டார்கள். நினைவில் வைக்க எளிமையாகவும் ஆளை அடையாளம் காட்டப் போதுமானதாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் சில பிரிவினைகளைச் சுற்றியே மொழிகள் குவிகின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே பால் உடன்பிறப்பை ஒன்றாகக் கருதுவது அத்தகைய சிக்கன விதி. தமிழும் செனெக்காவும் அந்த முதல் படியில் ஒத்துப்போனதற்குப் பொது முன்னோர் தேவையில்லை. ஆனால் அடுத்த படியில் எந்தப் பக்கம் போவது என்பதைச் சிக்கனம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அங்கேதான் யாரைக் கட்டலாம் என்ற நெறி நுழைகிறது. குரோபரின் எச்சரிக்கை முதல் படிக்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

மிகக் கடினமான மறுப்பு தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல சாதிகளில் தாய்மாமன் தன் அக்காள் மகளைக் கட்டுவது காலம்காலமாக உள்ள உரிமை. பெயர்கள் திருமண நெறியைப் பின்பற்றுகின்றன என்றால் இதையும் பின்பற்ற வேண்டும் அல்லவா? அக்காள் மகளைக் கட்டியவனுக்கு அக்காளே மாமியார். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்த அக்காள் அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் பாட்டி. முன்னே பார்த்த சோதனைப்படி முறை குலைந்துவிட்டது. அதுவும் பங்காளிக்கும் முறைகாரனுக்கும் இடையே அல்ல, இரண்டு தலைமுறைகளுக்கு இடையே. ட்ரியோ மக்களிடமும் சகோதரி மகளை மணக்கும் வழக்கம் உண்டு. அவர்களை ஆராய்ந்த பீட்டர் ரிவியர், அந்த வழக்கத்துக்கு ஏற்ப அவர்களுடைய பெயர்களில் சில தலைமுறைக் கோட்டைத் தாண்டி ஒன்றாகியிருப்பதைக் காட்டினார். தமிழில் அப்படி நடக்கவில்லை. அத்தையும் பாட்டியும் ஒரே பெயராகவில்லை. அக்காள் மகள், மாமன் மகளுக்குரிய பெயரைப் பெறவில்லை, மருமகளாகவே நிற்கிறாள். கட்டிய பிறகும் அவள் கணவனை மாமா என்றே அழைப்பாள், அக்காளும் அவனுக்கு அக்காளாகவே இருப்பாள். தமிழ்க் கணக்கு தலைமுறைக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலை மட்டுமே விதியாக ஏற்றிருக்கிறது. அக்காள் மகள் திருமணம் எவ்வளவு பரவலாக இருந்தாலும், அது பெயர்களைத் தொடாத ஒரு சலுகையாகவே இருந்துவிட்டது. அது சலுகைதான் என்பதை இன்னொரு வரம்பும் காட்டுகிறது. அக்காள் மகளைக் கட்டலாம். தங்கை மகளைக் கட்டுவது பொதுவாக வழக்கமில்லை. ஆனால் பெயரில் இருவரும் மருமகளே. கட்டலாமா கூடாதா என்ற அந்த வேறுபாட்டை ஊரார் வயதை வைத்து நினைவில் கொள்கிறார்களே ஒழிய, உறவுப் பெயர் அதைச் சொல்வதில்லை.